வீட்டில் 83, பரீட்சையில் 38

இரண்டு மதிப்பெண்களும் ஒரே வினாத்தாளில் ஒரே பிள்ளை எடுத்தவை. பத்தாம் வகுப்பு அரையாண்டுக் கணிதத் தேர்வில் என் மகள் 38 வாங்கினாள். சில வாரங்கள் கழித்து அதே வினாத்தாளை எங்கள் வீட்டுத் திண்ணையில், கடிகாரம் இல்லாமல், யாரும் மேற்பார்வை பார்க்காமல் எழுதினாள். 83 வந்தது. நடுவில் புதிதாக எதையும் அவள் படித்திருக்கவில்லை. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வதற்குள் ஒன்றரை வருடமும் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் பணமும் போய்விட்டன. கணித பயம் என்று ஒன்று உண்டு என்று முன்கூட்டியே ஒருவராவது சொல்லியிருந்தால் என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

நாங்கள் பாலக்கோட்டில் இருக்கிறோம். கணவருக்குத் தக்காளி மண்டியில் வியாபாரம். விடுமுறை நாட்களில் மகள் அவரோடு போய்ச் சீட்டு எழுதுவாள். பெட்டி 385 ரூபாய் என்று 14 பெட்டி போனால் 5,390. அதில் நூற்றுக்குப் பத்து கமிஷன் 539. விவசாயிக்குச் சேர வேண்டியது 4,851. கால்குலேட்டரைத் தொடாமல் சொல்லிவிடுவாள். ஏலச் சத்தமும் லாரிச் சத்தமும் ஆட்கள் அவசரப்படுத்துவதும் அவளை அசைத்ததே இல்லை. எட்டாம் வகுப்பு வரை பள்ளியிலும் கணக்கில் நல்ல பெயர்தான்.

ஒன்பதாம் வகுப்பில் நிலைமை மாறியது. கணித வகுப்பில் தினமும் சிலரைக் கரும்பலகைக்கு அழைத்து, இத்தனை நிமிடத்துக்குள் போட வேண்டும் என்று சொல்வார்களாம். போடாதவர்கள் மற்றவர் போட்டு முடிக்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும். தேர்வுத் தாள் கொடுக்கும்போது மதிப்பெண்ணை உரக்க வாசிப்பார்கள். எத்தனையோ பிள்ளைகள் இதைக் கடந்து போய்விடுகிறார்கள். என் மகள் ஒரு நாள் பலகையில் நின்றபோது கழித்தலில் தவறிவிட்டாள், வகுப்பு சிரித்துவிட்டது. அதற்குப் பிறகு கணிதத் தேர்வு இருக்கும் நாள் காலையில் வயிற்று வலி என்று சுருண்டு படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

வலி நடிப்பில்லை. முகம் வெளுத்து, கை சில்லிட்டுப் போயிருக்கும். தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ரத்தப் பரிசோதனை, வயிறு ஸ்கேன், மருந்து எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். எல்லாம் இயல்பாக இருக்கிறது, அமிலம் சுரப்பதாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வலி எந்தக் கிழமைகளில் வருகிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப வயிற்று வலியோ தலைவலியோ வந்தால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும், அதைத் தவிர்க்கச் சொல்லமாட்டேன். ஆனால் கையோடு ஒரு காலண்டரில் வலி வந்த நாட்களைக் குறித்துக்கொண்டு போங்கள். எங்கள் வீட்டுக் காலண்டரில் பின்னால் குறித்துப் பார்த்தபோது, சமூக அறிவியல் தேர்வு நாளில் ஒரு வட்டம்கூட இல்லை. எல்லாம் கணிதத் தேர்வு நாட்கள்.

பத்தாம் வகுப்பு காலாண்டில் 41. உடனே உள்ளூரில் டியூஷன், மாதம் 1,200. அங்கே தினமும் ஒரு மதிப்பெண் வினாக்களுக்குக் கடிகாரம் வைத்துச் சிறு தேர்வு. மதிப்பெண் ஏறவில்லை என்றதும் தருமபுரியில் ஒரு பயிற்சி மையத்தைப் பரிந்துரைத்தார்கள். முழுக் கட்டணம் 18,000 ரூபாயை முன்பணமாகவே கட்டச் சொன்னார்கள், கட்டினோம். சனி, ஞாயிறு முழுவதும் மாதிரித் தேர்வு, மாலையில் மதிப்பெண் பட்டியலை வாசலில் ஒட்டுவார்கள். "இன்னும் பயிற்சி போதவில்லை அம்மா, தினமும் ஒரு முழுத் தேர்வு எழுதட்டும்" என்றார் அங்கிருந்த ஆசிரியர். அரையாண்டில் 41 என்பது 38 ஆனது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு விதியில் இடமில்லை என்றார்கள். அன்றிரவு நானும் அவளும் பேசாமல் சாப்பிட்டோம். அவள் மந்தம் என்று உறவில் ஒருவர் சொன்னதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

வழி காட்டியது என் நாத்தனார் மகள். கோயம்புத்தூரில் உளவியல் முதுகலை படிக்கிறாள், பொங்கலுக்கு வந்திருந்தாள். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "அத்தை, அவளுக்குக் கணக்கு தெரியவில்லையா, இல்லை தெரிந்ததைத் தேர்வில் எடுக்க முடியவில்லையா? முதலில் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்" என்றாள். அரையாண்டு வினாத்தாளை நகல் எடுத்துவரச் சொன்னாள். விடைத்தாளை மட்டும் என்னிடம் வாங்கி வைத்துக்கொண்டு, மகளிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், மதிப்பெண் போடப் போவதில்லை என்றாள். மகள் ஏறத்தாழ நான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டாள், நடுவில் மோர் குடிக்க எழுந்து வந்தாள். பிறகு நாத்தனார் மகளே திருத்தினாள். அந்த 83 அப்படி வந்ததுதான். முன்பே பார்த்த வினாத்தாள் என்பதால் சில மதிப்பெண்களைத் தள்ளிவிடலாம். ஆனால் நாற்பத்தைந்து மதிப்பெண்ணை அப்படித் தள்ள முடியாது, அதிலும் பயிற்சி மையத்தில் அந்தத் தாளுக்கு யாரும் விடை சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. டியூஷனுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் யாரும் செய்து பார்க்கலாம். வீட்டில் நேரக் கட்டுப்பாடு இல்லாமல் எழுதினாலும் அதே கணக்குகள் வரவில்லை என்றால் பாடம் புரியவில்லை என்று பொருள், அதற்குச் சொல்லிக் கொடுக்கும் ஆள்தான் தேவை. எளிய கூட்டலும் எண்களின் பெரிது சிறிதும்கூட எங்கேயும் எப்போதும் தடுமாறுகிறது என்றால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம், அதற்கான மதிப்பீடு வேறு. வீட்டில் வந்து தேர்வில் வரவில்லை என்றால் மட்டுமே நான் சொல்லப்போவது பொருந்தும்.

இரண்டு விடைத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான் என் கண்ணைத் திறந்தது. 3x² − 7x − 6 = 0 என்ற சமன்பாட்டைக் காரணிப்படுத்தித் தீர்க்கும் கணக்கு. இதில் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பெருக்கினால் −18. பெருக்கினால் −18, கூட்டினால் −7 வரும் இரண்டு எண்களைத் தேட வேண்டும். விடை −9, +2. திண்ணையில் எழுதிய தாளில் அப்படியே எழுதி, (x − 3)(3x + 2) என்று பிரித்து, x = 3, x = −2/3 என்று முடித்திருந்தாள். அரையாண்டுத் தாளிலும் அதே வழி, அதே வரிசை. ஆனால் +9, −2 என்று எழுதியிருந்தாள், குறிகள் இடம் மாறிவிட்டன. அதன் கீழ் எல்லாப் படிகளும் சரி, விடை மட்டும் தவறு. கணக்குத் தெரியாத பிள்ளை பெருக்கல் 18, கூட்டல் 7 என்று தேடியிருக்கவே மாட்டாள்.

அந்தத் தாள் முழுவதும் இதே கதைதான். தசமப் புள்ளி தவறியது, கடன் வாங்கிக் கழித்ததை மறந்தது, மேல் வரியில் இருந்த கழித்தல் குறி கீழ் வரியில் காணாமல் போனது. என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. இரண்டு இடங்களில் சரியான விடையை எழுதி, அதைக் குறுக்குக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் தவறான விடையை எழுதியிருந்தாள். மூன்றாவதாக, ஐந்து மதிப்பெண் வினாக்களில் கடைசி நான்கு வெறுமையாக இருந்தன. தெரியாமல் விட்டவை அல்ல, நேரம் தீர்ந்துபோனவை. ஒரே கணக்கை மறுபடி மறுபடி சரிபார்த்து நேரத்தைத் தொலைத்திருக்கிறாள்.

இது ஏன் நடக்கிறது என்று நாத்தனார் மகள் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கணக்குப் போடும்போது, முடியும் வரை சில எண்களை மனத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டும். −18, −7, இதுவரை முயன்று பார்த்த ஜோடிகள், எதற்குக் கழித்தல் குறி என்பது, இவ்வளவும் ஒரே நேரத்தில். இந்தத் தற்காலிக நினைவில் இடம் மிகக் குறைவு. "போன முறை போலத் தவறினால்?", "அப்பா என்ன சொல்வார்?", "அடுத்த பெஞ்சில் பக்கம் புரட்டுகிறார்களே" என்ற நினைப்புகளும் அதே இடத்தில்தான் வந்து உட்காருகின்றன. சூத்திரம் நீண்டகால நினைவில் பத்திரமாக இருப்பதால் அது மறப்பதில்லை. பிடித்து வைத்திருக்க வேண்டிய குறியும் இருப்பு எண்ணும்தான் நழுவுகின்றன.

மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இது நேரடியாகத் தெரிந்ததாம். கல்லூரி மாணவர்களிடம் சில எழுத்துகளை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லி, கூட்டல் கணக்குக் கொடுத்தார்கள். கணித பயம் அதிகமாக உள்ளவர்களின் பிழைகள் குறிப்பாக, பத்தின் இடத்துக்கு மீதியை எடுத்துச் செல்ல வேண்டிய கணக்குகளில், அதுவும் நினைவில் சுமை கூடும்போது, ஏறின. இன்னொரு ஆய்வு 2013இல் வந்தது, சியான் பெய்லாக் உள்ளிட்ட குழு முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளிடம் செய்தது. பயம் மதிப்பெண்ணைக் குறைத்தது யாருக்கு என்று பார்த்தால், அந்தத் தற்காலிக நினைவு நன்றாக உள்ள குழந்தைகளுக்குத்தானாம். மனத்துக்குள்ளேயே பல படிகளைப் போடும் பழக்கம் அவர்களுக்கு உண்டு, அந்த இடத்தைப் பயம் பிடித்துக்கொண்டால் அவர்கள் இழப்பது அதிகம். மண்டியில் மனக்கணக்குப் போடும் பெண் தேர்வில் ஏன் விழுகிறாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மண்டியில் அவளுக்குப் பயமில்லை, முழு இடமும் கணக்குக்கே கிடைக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் டியூஷனும் மையமும் ஏன் பலிக்கவில்லை என்பதும் தெரியும். பாடம் ஏற்கெனவே தெரிந்த பிள்ளைக்குத் தினமும் கடிகாரத் தேர்வும் வாசலில் பட்டியலும் கொடுத்தால், அவள் தினமும் பழகுவது பயத்தைத்தான். உங்கள் பிள்ளையை எங்காவது சேர்ப்பதாக இருந்தால், மதிப்பெண்ணை ஊருக்குக் காட்டுகிறார்களா, தவறிய கணக்கைப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்கிறார்களா என்ற இரண்டை மட்டுமாவது விசாரியுங்கள். முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள்.

தை மாதத்திலிருந்து பொதுத் தேர்வு வரை நாங்கள் செய்தவை இவை. முதலில், மனத்தில் பிடித்து வைப்பதைக் காகிதத்துக்கு மாற்றினோம். விடைத்தாளில் ரஃப் போடுவதற்கு ஒதுக்கும் இடத்தில், 18 என்றால் 1, 18, 2, 9, 3, 6 என்று எல்லா ஜோடியையும் எழுதிவிட வேண்டும். பெருக்கி வர வேண்டிய எண்ணுக்குக் கழித்தல் குறி என்றால் ஒன்று கூட்டல், ஒன்று கழித்தல். கூட்டி வர வேண்டிய எண்ணுக்கும் கழித்தல் குறி என்றால் பெரிய எண்ணுக்குக் கழித்தல். இந்த இரண்டு வரிகளையும் அவள் அந்த ஓரத்திலேயே எழுதிப் பழகினாள். "எனக்குத் தெரியும், எதற்கு எழுத வேண்டும்?" என்று ஆரம்பத்தில் அடம்பிடித்தாள். தெரிந்த பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான் கேட்பார்கள். பயம் இருக்கும் நாளில் மனத்தில் இடம் இருக்காது, காகிதத்தில் இருக்கும் என்று சொல்லி எழுத வைத்தோம்.

அடுத்தது, சரியான விடையை அடிக்கும் பழக்கம். இதற்கு ஒரே விதி வைத்தோம். விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்காமல் அடிக்கக் கூடாது. x = 3 என்று வந்தால் 27 − 21 − 6 = 0, சரி, கையை எடு. x = −3 என்று வந்தால் 27 + 21 − 6 = 42, பூஜ்யம் வரவில்லை, அப்போது அடி. ஒரு வரியில் முடியும் வேலை. சந்தேகம் என்பது உணர்வாக இருக்கும் வரை அதற்கு எல்லை இல்லை, இப்படி எண்ணாக மாற்றிவிட்டால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். மறுபடி மறுபடி பார்த்து நேரம் இழப்பதும் இதனால்தான் நின்றது.

கடிகாரத்தை ஒரேயடியாக ஒழிக்கவில்லை, பொதுத் தேர்வில் அது இருக்கத்தான் போகிறது. முதலில் கடிகாரமே இல்லை. பிறகு தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் அவளே குறிப்பாள், கெடு கிடையாது. பிறகு இரண்டு மதிப்பெண் பகுதிக்கு மட்டும் அரை மணி நேரம். அது வசப்பட்ட பிறகே ஐந்து மதிப்பெண் பகுதி. முழுத் தேர்வு கடைசியில்தான். ஒரு படியில் கை சில்லிட்டால் முந்தைய படிக்குத் திரும்பினோம்.

வினாத்தாளை எந்த வரிசையில் எழுதுவது என்பதும் பெரிய உதவி. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண்ணில் பத்து, ஐந்து மதிப்பெண்ணில் பத்து, எட்டு மதிப்பெண்ணில் இரண்டு. எட்டு மதிப்பெண் என்பது செய்முறை வடிவியலும் வரைபடமும். அதில் மனத்தில் பிடித்து வைக்க ஒன்றுமில்லை, எல்லாம் ஸ்கேல், காம்பஸ், கண்ணெதிரே தெரியும் கோடுகள். என் மகள் அங்கிருந்து தொடங்கினாள். கோடு போடப் போடக் கை நடுக்கம் அடங்கிவிடும் என்றாள். கேள்வித்தாளைப் படிக்கக் கொடுக்கும் பத்து நிமிடத்தில் கடினமான கேள்வியைத் தேடாமல், நிச்சயம் வரும் கேள்விகளை மட்டும் மனத்தில் குறித்துக்கொள்வாள். கட்டாய வினாக்கள் 28, 42 இரண்டும் சிலசமயம் பாடப் புத்தகத்துக்கு வெளியே இருந்து வரும், அவற்றை முதலில் படித்தால் பயம் ஏறும் என்பதால் கடைசிக்கு ஒதுக்கிவிட்டாள்.

இன்னொன்றை நான் முதலில் நம்பவில்லை. தேர்வன்று காலையில் பத்து நிமிடம், தேர்வைப் பற்றி மனத்தில் உள்ள பயத்தையெல்லாம் ஒரு தாளில் எழுதுவது. 2011இல் ஜெரார்டோ ராமிரெஸ், பெய்லாக் இருவரும் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு உயிரியல் இறுதித் தேர்வுக்கு முன் அப்படி எழுதிய, தேர்வு பயம் மிக்க மாணவர்கள் மற்றப் பயந்த மாணவர்களைவிட நன்றாக எழுதினார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லா இடத்திலும் பலிக்கும் என்று சொல்ல முடியாது என்றும் நாத்தனார் மகள் எச்சரித்தாள். என் மகளுக்கு உதவியது. எழுதியதை யாரும் படிக்கக் கூடாது என்பது நிபந்தனை. அவள் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவாள், நான் கேட்டதில்லை. "பயப்படாதே" என்று நாங்கள் சொன்னபோதெல்லாம் அவள் முகம் இறுகியதையும் இங்கே சொல்ல வேண்டும். பயத்தை மறைக்கவும் அதே மனத்தின் இடம்தானே செலவாகிறது.

பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியரிடம் இரண்டு விடைத்தாள்களையும் காட்டினேன். புகார் சொல்லாமல், தாள்களை மேசையில் விரித்து அந்த ஒரு சமன்பாட்டை மட்டும் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். அதன் பிறகு அவள் மதிப்பெண்ணை வகுப்பில் வாசிக்கவில்லை. பலகைக்கு அழைக்கும் வழக்கத்தை மாற்ற முடியாது என்றார், ஆனால் முதல் நாளே எந்தக் கணக்கு என்று சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டார். அது போதுமானதாக இருந்தது. வீட்டில் கணவர், தாள் வந்ததும் "எவ்வளவு?" என்று கேட்பதை நிறுத்தி, "எந்தக் கணக்கு நன்றாக வந்தது?" என்று கேட்டார். மண்டி ஆளுக்கு அது எளிதில் வரவில்லை.

முதல் திருப்புதல் தேர்வில் 52. அடுத்ததில் 67. பொதுத் தேர்வில் 79. வயிற்று வலி முழுவதும் நின்றுவிட்டது என்று சொன்னால் பொய்யாகும், பொதுத் தேர்வு அன்றும் வந்தது, ஆனால் தேர்வு அறைக்குள் போய் வட்டம் வரையத் தொடங்கியதும் மறந்துவிட்டது என்றாள். பதினொன்றாம் வகுப்பில் கணிதம் உள்ள பிரிவையே கேட்டு எடுத்திருக்கிறாள். அங்கே முதல் இடைப்பருவத் தேர்வில் மறுபடி சறுக்கியது. ரஃப் எழுதும் பழக்கத்தைக் கைவிட்டிருந்தாள், இப்போது மீண்டும் எழுதுகிறாள்.

உங்கள் பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், பள்ளிக்கே போகமாட்டேன் என்ற நிலைக்கு வந்துவிட்டால் மேலே சொன்ன வீட்டு வழிகளோடு நிற்காதீர்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. நேரில் போகத் தயக்கம் இருந்தால் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணிலோ 104 என்ற எண்ணிலோ தமிழிலேயே பேசலாம். பேசும்போது வலி வந்த தேதிகளைக் குறித்த காலண்டரையும், வீட்டிலும் பள்ளியிலும் எழுதிய இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.